ஐந்தாண்டுக் கேள்வியும் உறுதியாகாத திட்டமும்

"இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?" என்ற கேள்வி வளாகத் தேர்வின் கடைசிச் சுற்றில் வருகிறது. எழுத்துத் தேர்வும் தொழில்நுட்பச் சுற்றும் முடிந்து, மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் தொழிற்சாலையின் மேலாளர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அறையில் அது கேட்கப்படும். பதில் சொல்லவேண்டிய மாணவருக்கு வயது இருபத்தொன்று. அவரிடம் திட்டம் ஏதும் இல்லாமல் இருப்பது அரிது. இரண்டு மூன்று திட்டங்கள் இருக்கும், எது நடக்கும் என்பதுதான் தெரியாது. அந்த நிலையில் பொய்யும் சொல்லாமல், வாய்ப்பையும் கெடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லும் முறையை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் வட்டாரத்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் பயிற்சிப் பொறியாளர்களை எடுக்கும் நேர்காணலை வைத்துப் பார்க்கலாம். கணினித் துறை நேர்காணல்களிலும் இதே கேள்விதான். ஆனால் தொழிற்சாலையில் முதல் ஐந்து ஆண்டுகளின் வேலை கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் விளக்குவது எளிது.

கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜி.இ.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பயிற்சிப் பொறியாளர் பதவியில் முதல் ஆண்டு பெரும்பாலும் பயிற்சியிலேயே போகும். உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு, கொள்முதல் என்று ஒவ்வொரு பிரிவிலும் சில வாரங்களோ மாதங்களோ சுற்றி வந்த பிறகுதான் நிலையான இடம் கிடைக்கும். அந்த ஓராண்டுச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, கற்றுக்கொடுக்கும் மூத்த பொறியாளர்களின் நேரம் எல்லாம் நிறுவனத்தின் செலவு. பயிற்சி முடிந்த கையோடு ஒருவர் கிளம்பிவிட்டால் அந்தச் செலவில் பலன் இல்லை. வளாகத்தில் தேர்வாகிவிட்டு வேலைக்கே சேராமல் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒதுக்கிய இடத்தை ஆண்டின் நடுவில் நிரப்புவது பெரும்பாடு. மனிதவள அலுவலரின் கேள்விக்குப் பின்னால் இருப்பவை இந்த இரண்டு கவலைகள்தான்: இவர் சேருவாரா, சேர்ந்தால் பயன் தரும் காலம் வரை இருப்பாரா?

பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலை மேலாளரின் கவலை வேறு. எந்திரச் சத்தமும் எண்ணெய் வாடையும் இரவுப் பணியும் உள்ள இடத்தில் இந்த மாணவர் மனம் ஒட்டி வேலை செய்வாரா என்று அவர் பார்க்கிறார். ஆக, ஒரே கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகக் காது கொடுக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் என்ன பதவி என்பதற்கு இருவரும் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. இது மாணவர்கள் அறியாத செய்தி. அதனால்தான் அவர்கள் பதவியின் பெயரைத் தேடி மூளையைக் கசக்கிக்கொள்கிறார்கள்.

இருபத்தொரு வயதில் ஒருவர் தன் ஐந்தாண்டுகளைச் சரியாகச் சொல்லிவிட முடியும் என்று அனுபவமுள்ள தேர்வுக் குழுக்கள் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்கவும் கூடாது. தாங்கள் இனிமேல் எவ்வளவு மாறுவோம் என்பதை மனிதர்கள் எல்லா வயதிலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், திமத்தி வில்சன் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 'சயின்ஸ்' இதழில் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 18 வயது முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டோர் அதில் கலந்துகொண்டனர். கடந்த பத்தாண்டில் தங்கள் விருப்பங்களும் குணங்களும் நிறைய மாறியதை ஒப்புக்கொண்டவர்கள்கூட, அடுத்த பத்தாண்டில் அவ்வளவு மாற்றம் வராது என்றே எண்ணினார்கள். அப்படியிருக்க, உறுதியாகத் தெரியவில்லை என்று உணரும் மாணவர் தன் நிலையைச் சரியாகவே உணர்ந்திருக்கிறார். அதை வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம், அப்படியே அறையில் கொட்டவும் வேண்டாம். அதற்குள் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் பதிலுக்கான உண்மையான தயாரிப்பு.

உறுதியின்மையிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு தேதியில் தானாகத் தீர்ந்துவிடும் வகை. கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது, முடிவு மார்ச்சில் வந்துவிடும். முதுநிலைச் சேர்க்கைக்கான கலந்தாய்வுகள் அதற்கடுத்த மாதங்களில் நடந்து முடிகின்றன. ஜெர்மனியில் படிக்க நினைப்பவருக்குக் குளிர்காலப் பருவ விண்ணப்பங்கள் பல பல்கலைக்கழகங்களில் ஜூலை 15-உடன் முடிகின்றன. இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கவேண்டும் என்ற விதியும் 2022 நவம்பர் முதல் இருக்கிறது. வளாகத் தேர்வோ ஏழாம் பருவத்தில், ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வேலையில் சேரும் நாள் அடுத்த ஆண்டு ஜூலை வாக்கில் வரும். எனவே நேர்காணலன்று மலைபோல் தெரியும் குழப்பத்தில் பாதி, வேலையில் சேரும் நாளுக்கு முன்பே தெளிந்துவிடும். ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, எந்தக் கேள்வி எந்த மாதத்தில் தீரும் என்று குறித்துப் பார்க்கிற மாணவர்களிடம் பதற்றம் வெகுவாகக் குறைவதைக் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்கள் கண்டிருக்கிறார்கள். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 'இப்போதே போகாவிட்டால் எப்போதும் இல்லை' என்ற எண்ணம் அதனால் கொஞ்சம் தளரும்.

இரண்டாவது வகைக்குத் தேதி கிடையாது. எந்த வேலை தனக்கு ஒத்துவரும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டி வருமா, அப்பாவின் தொழிலை யார் பார்ப்பது என்பவை காத்திருந்தால் மட்டும் தீராது. இவற்றில் முதலாவது, வேலை செய்து பார்த்தால் மட்டுமே தெளியும். அதனால் அதை நேர்காணலில் பேசலாம், பேசுவது நல்லதும்கூட. மற்றவை குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை. நேர்காணல் அறை அதற்கான இடமல்ல.

ஒரு மாணவரை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறார். அப்பா சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்புக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். மாணவர் கேட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். ஜெர்மனியில் உற்பத்திப் பொறியியல் படிக்கும் ஆசையும் இருக்கிறது. பட்டறையை எடுத்து நடத்தவேண்டும் என்று வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை, ஆனால் அப்பாவின் முழங்கால் வலி கூடிக்கொண்டே போகிறது. இந்நிலையில் ஒரகடத்தில் இருக்கும் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று கல்லூரிக்கு வருகிறது. ஐந்து ஆண்டில் எங்கே என்று கேட்டால், உண்மையான பதில் சென்னையாகவும் இருக்கலாம், ஜெர்மனியின் ஆகனாகவும் இருக்கலாம், பட்டறை இருக்கும் கணபதியாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட மாணவர் முதலில் எழுதும் பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "ஐந்து வருடத்தில் உங்கள் நிறுவனத்தில் மேனேஜராக இருப்பேன் சார்." பழைய மாணவர்கள் கைமாற்றிக் கொடுத்த பதில் இது. இதன் குறை, அடுத்த கேள்வியில் வெளிப்படும். "எந்த டிபார்ட்மென்ட் மேனேஜர்?" என்று தொழிற்சாலை மேலாளர் கேட்பார். மாணவர் விழிப்பார். பல தொழிற்சாலைகளில் பயிற்சிப் பொறியாளர் ஐந்தாண்டில் முதுநிலைப் பொறியாளராகவோ உதவி மேலாளராகவோ ஆவதே நல்ல வளர்ச்சி. அந்தப் படிநிலை தெரியாமல் மேலாளர் பதவியைச் சொல்கிறவர், தான் சேரப்போகும் இடத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை என்பதைத் தானே சொல்லிவிடுகிறார். ஆசை பெரிதாக இருப்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. அந்த ஆசைக்குள் வேலை என்று ஒன்றுமே இல்லாததுதான் குறை.

சில மாணவர்கள் இதற்கு நேர்மாறாகப் போவார்கள். நேர்மையாக இருக்கவேண்டும் என்று நினைத்து, "கேட் எழுதுகிறேன் சார், கிடைத்தால் எம்.டெக். போவேன், இல்லாவிட்டால் ஜெர்மனி, அதுவும் இல்லாவிட்டால் இங்கே" என்பார்கள். இது உண்மைதான். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. இன்னும் முடிவாகாத மூன்று வாய்ப்புகளின் பட்டியல் அது. அதில் நிறுவனம் கடைசி இடத்தில் நிற்கிறது. மாணவர் மனத்தில் அந்த வரிசை உண்மையில் இருக்கிறதா என்பதுகூடச் சந்தேகம். பலருக்கு அது பேச்சின் போக்கில் வந்து விழுந்த வரிசைதான். மதிப்பீட்டுத் தாளில் 'நிலைத்திருப்பு' என்ற வரிக்கு எதிரே குறைந்த மதிப்பெண் விழும். அதன் பிறகு எந்தப் பேச்சும் அதை மீட்பது கடினம்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வழி, மூன்று பாதைகளுக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று தேடுவது. தேடும்போது ஊர், பட்டம், பதவி மூன்றையும் விலக்கிவிட வேண்டும். ஐந்தாம் ஆண்டில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மாணவர் என்ன வேலை செய்துகொண்டிருப்பார் என்று ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாக எழுதிப் பார்க்க வேண்டும். ஒரகடத்தில் இருந்தால் கடைசல் பிரிவில் ஒரு பாகம் ஏன் அளவு தவறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆகனில் படித்து முடித்திருந்தால் எந்திரங்களின் துல்லியம் பற்றிய ஆய்வகத்திலோ அதுபோன்ற வேலையிலோ இருப்பார். பட்டறையில் இருந்தால் பம்புக் கம்பெனி திருப்பியனுப்பிய பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மூன்றிலும் ஒரே வேலை வருகிறது: உலோகத்தைக் கடைந்து, கேட்ட அளவுக்குள் கொண்டுவருவது. இதுவே அவரிடம் உறுதியாக இருப்பது. மூன்று பாதைகளில் எது நடந்தாலும் இது மாறாது என்பதால், இதைச் சொல்லும்போது குரலில் தயக்கம் வராது.

எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாகப் பொதுப்பகுதி கிடைத்துவிடாது. ஒரு பாதை தொழிற்சாலை, இன்னொன்று குடிமைப் பணித் தேர்வு என்றால் வேலையில் ஒட்டு இருக்காது. அப்போது ஐந்தாண்டை விட்டுவிட்டு முதல் இரண்டாண்டை மட்டும் பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்தால் அந்த இரண்டாண்டில் எதை மெய்யாகவே கற்றுக்கொள்ள விரும்புகிறார் என்று ஒன்றாவது கிடைத்தால் அதை வைத்துப் பதில் கட்டலாம். ஒன்றுமே கிடைக்காவிட்டால், அந்த நேர்காணலுக்குப் போகவேண்டுமா என்பதையே யோசிப்பது நல்லது.

பொதுப்பகுதி கிடைத்தவுடன் அதற்கு ஒரு சான்று வேண்டும். விருப்பம் இருக்கிறது என்று யாரும் சொல்லலாம். செய்து பார்த்தவர்தான் விவரம் சொல்ல முடியும். நம் மாணவர் அப்பாவின் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்ல முடியும். அலுமினியப் பாகம் ஒன்றில் 25 மில்லிமீட்டர் துளை. எச்7 வரம்பு, அதாவது துளை 25.000-க்குக் குறையக்கூடாது, 25.021-ஐத் தாண்டக்கூடாது. மொத்த இடைவெளி 21 மைக்ரான்தான். எந்திரத்திலிருந்து எடுத்ததும் சுடச்சுட அளந்தபோது துளை 25.012 காட்டியது, நல்லது என்று அனுப்பினார்கள். வாங்கியவர் ஆய்வகத்தில் அளந்தபோது 24.995. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 23 மைக்ரான் அளவுக்கு விரியும். பாகம் அறை வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்திருந்தால், 25 மில்லிமீட்டர் துளை ஏறக்குறைய 17 மைக்ரான் பெரிதாகத் தெரியும். குளிர்ந்ததும் அந்த 17 மைக்ரான் போய்விடும். ஆய்வக அளவுக்கும் பட்டறை அளவுக்கும் இருந்த வேறுபாடு அதே 17 மைக்ரான்தான். மாணவர் இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, அளக்கும் முன் பாகத்தை ஆறவிடச் சொன்னார். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியும். தொழிற்சாலை மேலாளர் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான். ஐந்தாண்டுக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை.

இனிப் பதிலைக் கட்டலாம். மாணவர் சொல்லவேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "சார், எனக்கு மெஷினிங்கில் அளவு எப்படித் தப்புகிறது, அதை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் ஆர்வம். அப்பாவின் பட்டறையில் சின்ன அளவில் அதைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரே பாகம் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. அவ்வளவு எண்ணிக்கையில் அளவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று முதல் இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாம் வருடத்தில் ஒரு புதிய பாகத்தை வரைபடத்திலிருந்து உற்பத்தி வரைக்கும் கொண்டுபோகும் குழுவில் பொறுப்பான வேலை செய்ய வேண்டும். ஐந்தாம் வருடத்தில் இந்த வேலையில் நாலு பேர் வந்து யோசனை கேட்கிற ஆளாக இருக்க வேண்டும். அது உற்பத்தியிலா தரப் பிரிவிலா என்பது வேலை செய்து பார்த்தால்தான் தெரியும்."

இந்தப் பதிலில் ஒரு சொல்லும் பொய் இல்லை. முதல் இரண்டாண்டு விவரமாக இருக்கிறது, மூன்றாவது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஐந்தாவது திசையை மட்டும் சொல்கிறது. தெரிந்த அளவுக்குத்தான் விவரம் சொல்லப்படுகிறது என்பதைக் கேட்பவர் உணர்கிறார். கடைசி வாக்கியம் உறுதியின்மையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது வேலைக்குள் இருக்கும் உறுதியின்மை. தரப் பிரிவா உற்பத்தியா என்ற கேள்வியைப் பயிற்சிச் சுற்றுதான் தீர்க்கப்போகிறது என்பதால், அந்தத் தயக்கம் குழுவுக்கு இயல்பாகவே படும். பதிலை மனப்பாடம் செய்யக்கூடாது என்பதற்கும் இங்கே ஒரு காரணம் உண்டு. நேர்காணல் ஆங்கிலத்தில் தொடங்கி, மாணவர் தடுமாறினால் குழுவே தமிழுக்கு மாறிவிடுவது இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சகஜம். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவர் தமிழில் அதையே சொல்லத் திணறுவார். செய்தியை மனத்தில் வைத்திருப்பவருக்கு எந்த மொழியிலும் சிக்கல் இல்லை.

அடுத்து வருவது நேரடிக் கேள்வி. "கேட் எழுதுகிறீர்களா?" இங்கே பொய் சொல்லக்கூடாது. அறத்துக்காக மட்டுமல்ல, அது தெரிந்துவிடும் என்பதாலும். ஒரே வகுப்பில் யார் யார் கேட் எழுதுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், அதே மாணவர்களையும் குழு சந்திக்கிறது. "ஆமாம் சார், பிப்ரவரியில் எழுதுகிறேன். மார்ச்சில் முடிவு தெரியும். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால் உடனே போகவேண்டிய கட்டாயம் இல்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: உடனே போகும் எண்ணம் இருப்பவர் கடைசி வாக்கியத்தைச் சொல்லக்கூடாது. அவர் "நல்ல மதிப்பெண் வந்தால் யோசிப்பேன், எப்படியிருந்தாலும் ஏப்ரலுக்குள் உங்களுக்குச் சொல்லிவிடுவேன்" என்று சொல்லலாம். சில குழுக்கள் இதைக் கேட்டதும் நிராகரிக்கும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். கேட்காதவரை எல்லாவற்றையும் சொல்லவேண்டிய கடமை இல்லை, கேட்டபின் மறைக்க உரிமை இல்லை என்பதை எல்லையாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

"அப்பாவின் பட்டறையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்ற கேள்விக்கும் நம் மாணவர் தயாராக இருக்க வேண்டும். பட்டறையை அவரே பேச்சில் கொண்டுவந்ததால் அது வரத்தான் செய்யும். "இப்போது அப்பாவே பார்க்கிறார் சார், நான் உடனே எடுத்து நடத்தவேண்டும் என்ற நிலை இல்லை" என்பது உண்மையாக இருந்தால் அதுவே போதும். முழங்கால் வலியைச் சொல்லத் தேவையில்லை. அதே நேரம், வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசி, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பட்டறைக்கு என்ன ஏற்பாடு என்று தெளிவுபடுத்திக்கொண்டு வந்தால், இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது முகம் வேறுமாதிரி இருக்கும்.

பெண்களிடம் இந்தக் கேள்வி வேறொரு உருவத்தில் வருவதுண்டு. "கல்யாணம் ஆகிவிட்டால் வேலையைத் தொடர்வீர்களா?" என்று சில குழுக்களில் இன்னும் கேட்கிறார்கள். இது கேட்கக்கூடாத கேள்வி. வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமே சொன்னது. ஆனால் அறையில் உட்கார்ந்திருக்கும் மாணவியால் சட்டம் பேச முடியாது. அனுபவமுள்ள பெண் பொறியாளர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி, கேள்வியை வேலைக்குத் திருப்பிவிடுவது: "வேலையைத் தொடர்வதாகத்தான் சார் எண்ணம். ஷிப்டில் பெண் பொறியாளர்கள் எந்தெந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?" இதில் மணவாழ்க்கை பற்றி ஒரு தகவலும் இல்லை. திருப்பிக் கேட்ட கேள்விக்கு வரும் பதில், அந்தத் தொழிற்சாலையில் பெண்களின் நிலை என்ன என்பதை மாணவிக்குக் காட்டிவிடும். குழு முகத்தைச் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பதிலைச் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, பாண்ட் என்கிற பணி ஒப்பந்தம். குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்வதாகவும், இடையில் விலகினால் ஒரு தொகை கட்டுவதாகவும் கையெழுத்து வாங்கும் நிறுவனங்கள் உண்டு. இந்த ஒப்பந்தங்கள் எல்லாமே செல்லாது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சரியல்ல. ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடு கேட்க 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இடம் தருகிறது. பொதுத்துறை வங்கி ஒன்றில் மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே ஐந்தாண்டுக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் ஒருவரைக் கட்டாது, கையெழுத்து கட்டும். பாண்ட் எத்தனை ஆண்டு, தொகை எவ்வளவு, பயிற்சிக் காலம் அதில் சேருமா என்பதை வேலைவாய்ப்பு அலுவலரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, தேதிகள் எழுதிய அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாண்டு பாண்ட் உள்ள இடத்துக்கு, அடுத்த ஆண்டே ஜெர்மனி என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டவர் போவது யாருக்கும் நல்லதல்ல.

ஓரிரு ஆண்டு வேலை செய்துவிட்டு வேறிடம் மாறுகிறவர்களிடம் இதே கேள்வி கேட்கப்படும்போது, குழு பதிலைவிடப் பழைய நடப்பையே அதிகம் பார்க்கும். பதினெட்டு மாதத்தில் விட்டு வந்தவர் ஐந்தாண்டு இருப்பேன் என்றால் நம்பிக்கை வராது. அவர் முந்தைய இடத்தில் தொடங்கி முடித்த ஒரு வேலையைச் சொல்லி, அது முடிந்த பிறகே விலகியதைக் காட்ட வேண்டும். மற்றபடி முறை ஒன்றுதான்.

பதில் எடுபட்டதா என்பதை அறையிலேயே கண்டுபிடிக்கலாம். அடுத்த கேள்வி வேலையைப் பற்றி வந்தால் எடுபட்டது. "அந்தத் துளையை எதால் அளந்தீர்கள், போர் கேஜா?" என்று மேலாளர் கேட்டுவிட்டால், பேச்சு அதன்பின் வேலைக்குள்தான் போகும். மாறாக, "நிச்சயமாக இருப்பீர்களா?", "ஊர் மாற்றினால் போவீர்களா?" என்று ஒரே கவலை மூன்று வடிவத்தில் திரும்பத் திரும்ப வந்தால், பதிலில் ஏதோ ஒன்று சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. அப்போது இன்னும் உறுதியாகச் சத்தியம் செய்வதால் பயனில்லை. முதல் இரண்டாண்டில் கற்க விரும்புவதை இன்னொரு முறை, இன்னும் விவரமாகச் சொல்வது ஒன்றே வழி. இந்த முறை எல்லா இடத்திலும் செல்லும் என்றும் சொல்ல முடியாது. பதில்களுக்கு முன்கூட்டியே மதிப்பெண் வகுத்துக்கொண்டு வரும் குழுக்கள் உண்டு. பதவியின் பெயர் இல்லாத பதிலை அவர்கள் இலக்கில்லாத பதில் என்று எழுதிக்கொள்வார்கள். அதைத் தவிர்க்க, நிறுவனத்தின் படிநிலையைத் தெரிந்துகொண்டு, "நான்கைந்து வருடத்தில் முதுநிலைப் பொறியாளர் பொறுப்புக்குத் தகுதியாக வேண்டும்" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். தகுதி பெறுவேன் என்பது எந்தப் பாதையில் போகிறவரும் மனமறிந்து சொல்லக்கூடியதுதான்.

தேர்வாகிவிட்ட பிறகும் இந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை. பணி நியமனக் கடிதம் வந்ததற்கும் சேரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் இருக்கின்றன, திட்டம் உறுதியாவது அந்த இடைவெளியில்தான். பல கல்லூரிகளில் ஒருவருக்கு ஒரு வேலை என்பதே விதி. ஒருவர் எடுத்துக்கொண்ட இடம் இன்னொரு மாணவருக்குக் கிடைக்காமல் போன இடம். சொல்லாமல் நின்றுவிடும் மாணவர்கள் அதிகமான கல்லூரிக்கு நிறுவனங்கள் அடுத்த ஆண்டு வருவதைக் குறைத்துக்கொள்கின்றன. நம் மாணவருக்கு எம்.டெக். இடமோ ஜெர்மனி அனுமதியோ உறுதியானால், அன்றே வேலைவாய்ப்பு அலுவலருக்கும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுத வேண்டும். எந்த நாளில் எந்தப் பதவிக்குத் தேர்வானார், சேர முடியாத காரணம் என்ன, சேர்க்கை என்றைக்கு உறுதியானது என்ற மூன்று விவரமும் அதில் இருந்தால் போதும், நீண்ட மன்னிப்பு வேண்டாம். முன்கூட்டியே வரும் கடிதத்தால் நிறுவனம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்த மாணவரைக் கூப்பிட முடியும். ஜூலை கடைசியில் வந்தால் அவரும் வேறிடம் சேர்ந்திருப்பார்.